பொலிஸில் சொன்னதும் நீதவான் முன்னால் சொன்னதும்

"என்ர தம்பியை ஒரு களவு வழக்கில பொலிஸ் பிடிச்சது. ஸ்டேசனில 'நான்தான் எடுத்தன்' எண்டு சொல்லிக் கையெழுத்தும் வைச்சிட்டான். இப்ப லோயர் சொல்றார் அது செல்லாதாம், நீதவானுக்கு முன்னால சொல்லியிருந்தாத்தான் பிரச்சினையாம். ரெண்டும் ஒரே ஆள் சொன்ன ஒரே கதைதானே? பிறகேன் இந்த வித்தியாசம்?"

உங்கள் சட்டத்தரணி சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டு முழுதாக நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளில் முன்னிலையாகிறவன். உங்கள் தம்பியின் வழக்குக் கோவையை நான் பார்க்கவில்லை. அதனால் அவருடைய வழக்கு எப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சட்டம் என்ன சொல்கிறது, அது நடைமுறையில் எங்கே நழுவுகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. அதன் 25ஆம் பிரிவு மிகச் சுருக்கமானது: பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதல் எதையும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. இதில் "அடித்து வாங்கியிருந்தால்" என்ற நிபந்தனை கிடையாது. உங்கள் தம்பியை ஒருவரும் தொடவில்லை, தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக இருத்தி வைத்துத்தான் கேட்டார்கள், அவரும் மனதாரத்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த ஒப்புதல் உள்ளே வராது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போவதில்லை. கதவு அதற்கு முன்னமே மூடப்பட்டுவிடுகிறது.

அடுத்த பிரிவு, 26, இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொலிஸ் காவலில் இருக்கும் ஒருவர் யாரிடம் ஒப்புக்கொண்டாலும், அது நீதவான் ஒருவரின் நேரடி முன்னிலையில் சொல்லப்பட்டாலன்றி, அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. தம்பியைப் பார்க்க மாமா ஒருவர் சாப்பாட்டுப் பார்சலோடு ஸ்டேசனுக்குப் போகிறார். தம்பி அவரிடம் "ஓம் மாமா, நான்தான் செய்தனான்" என்று அழுகிறார். மாமாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அதைச் சொல்விக்க முடியாது. ஆனால் பிடிபடுவதற்கு முதல்நாள் இரவு, வீட்டு விறாந்தையில் வைத்து அதே மாமாவிடம் அதையே சொல்லியிருந்தால் அது சாட்சியமாக வரலாம். ஆள் ஒன்று, கேட்டவரும் ஒன்று, வார்த்தையும் ஒன்று. சொன்ன வேளையில் அவருடைய உடம்பு யாருடைய கையில் இருந்தது என்பதுதான் வேறு. பலர் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள், ஆனால் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இதற்குள் இருக்கிறது. பொலிஸார் எல்லோரும் பொய்யர், நீதவான்மார் எல்லோரும் மெய்யர் என்பதல்ல சட்டத்தின் எண்ணம். உங்களைப் பிடிப்பவர், பூட்டி வைப்பவர், கேள்வி கேட்பவர், நீங்கள் சொன்னதை எழுதுபவர், வழக்கைத் தாக்கல் செய்பவர் எல்லாம் ஒரே தரப்பாக இருக்கும் இடத்தில், நீங்கள் சொன்னதைச் சொன்னபடி, விரும்பித்தான் சொன்னீர்கள் என்று பிறகு சரிபார்க்க வழி இல்லை. அதுதான் காரணம்.

இந்த விதி புத்தகத்துக்குள் பிறந்ததும் அல்ல. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணைக்குழு 1855இல் அறிக்கை கொடுத்தது. வரி அறவிடுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும், விரலை நெரிக்கும் கிட்டி போன்றவை பயன்பட்டதை அது பதிவு செய்தது. அதன் பின்னர் 1861இல் வந்த இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொலிஸிடம் செய்யும் ஒப்புதலுக்குத் தடை வந்தது. அது 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து 1895இல் எங்கள் கட்டளைச் சட்டத்துக்கு ஏறக்குறைய அதே வார்த்தைகளில் வந்து சேர்ந்தது. தமிழ் ஊர்களில் ஆட்கள் பட்ட அடியின் தடயம் இந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை நான் மறப்பதில்லை.

சரி, இப்போது நிம்மதியடைய வேண்டாம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 25ஆம் 26ஆம் பிரிவுகள் மூடிய கதவில் 27ஆம் பிரிவு ஒரு சிறிய யன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. களவு வழக்குகளில் எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், மாட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான். காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருளோ இடமோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புபட்ட அளவு வார்த்தைகளை மட்டும் நிரூபிக்கலாம். அந்த வார்த்தைகள் ஒப்புதலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இது குறிப்பிட்ட ஒருவருடைய வழக்கு அல்ல, வழமையாக நடப்பதைச் சேர்த்து நான் அமைத்தது. கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் தாலிக்கொடி களவு போகிறது. இரண்டு நாள் கழித்து ஒரு பொடியனைப் பிடிக்கிறார்கள். பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தில் இப்படி எழுதப்படுகிறது: "நான்தான் அந்த வீட்டுப் பின்கதவை உடைச்சு உள்ளுக்குப் போனன். அலுமாரியில இருந்த கொடியை எடுத்தன். அதை எங்கட வளவில கிணத்தடி எலுமிச்சைக்குக் கீழ தாட்டு வைச்சிருக்கிறன். கூட்டிக்கொண்டு போனால் காட்டித்தருவன்." பொலிஸார் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அவர் காட்டுகிறார், தோண்டுகிறார்கள், கொடி கிடைக்கிறது. வழக்கில் எதைச் சொல்லலாம்? முதல் இரண்டு வசனங்களும் போய்விடும். கொடி கிடைத்ததால் "கதவை உடைச்சன்" என்பது கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்றாவதும் நான்காவதும் மட்டும் நிற்கும். 1946இல், அன்றைக்கு மேன்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், புலுகுரி கொட்டையா வழக்கில் இந்த எல்லையைத் தெளிவாக வரைந்தது: கத்தியை ஒளித்து வைத்த இடத்தைச் சொன்னது வரலாம், "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்றது வராது. எங்கள் நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் போகின்றன.

அப்படி நின்ற இரண்டு வசனங்கள் எதை நிரூபிக்கின்றன? அந்த இடத்தில் கொடி இருந்தது அவருக்குத் தெரியும் என்பதை மட்டும். அவர்தான் திருடினார் என்பதை அவை தாமாகச் சொல்லவில்லை. ஆனால் இங்கே 114ஆம் பிரிவு வந்து சேருகிறது. களவு நடந்து சிறிது காலத்துக்குள் களவுப் பொருள் ஒருவருடைய கையில் இருந்து, அதற்கு அவர் விளக்கமும் கொடுக்கவில்லை என்றால், அவர்தான் திருடினார் அல்லது களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகிக்கத்தான் வேண்டும் என்பதல்ல. ஆகவே உங்கள் தம்பியின் வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது அவர் வைத்த கையெழுத்தை அல்ல, அவர் சொன்னதைக் கொண்டு ஏதாவது மீட்கப்பட்டதா என்பதைத்தான்.

மீட்கப்பட்டிருந்தால் அது உண்மையான கண்டுபிடிப்பா என்று ஆராய இடம் உண்டு. தகவல் புத்தகத்தில் வாக்குமூலம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஸ்டேசனை விட்டுப் புறப்பட்ட நேரம், பொருளை எடுத்த நேரம் எல்லாம் இருக்க வேண்டும். வாக்குமூலம் முடியுமுன்னமே வாகனம் புறப்பட்டிருந்தாலோ, அதே இடத்தைப் பற்றி வேறொரு சந்தேகநபர் முந்தின நாளே சொல்லியிருந்தாலோ, பொலிஸார் ஏற்கெனவே அறிந்ததைத்தான் எடுத்தார்கள் என்று வாதிடலாம். தெரிந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. எடுத்த இடம் பூட்டிய அறையா, அல்லது வேலி விழுந்து ஊரார் எல்லாம் நடந்து போகும் வெற்றுக் காணியா என்பதும் பெரிய வித்தியாசம். இந்த வாதம் எந்த நீதிபதியிடம் எவ்வளவு எடுபடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேரக் குறிப்புகளைக் கவனமாகப் பார்த்த வழக்கும், பாராமல் விட்ட வழக்கும் வேறு வேறாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நீதவான் பக்கம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 127ஆம் பிரிவின்படி, விசாரணை தொடங்கும் முன்னர் தன்னிடம் சொல்லப்படும் வாக்குமூலத்தை நீதவான் பதிவு செய்யலாம். அது குற்ற ஒப்புதலாக இருந்தால், சொல்பவரைக் கேள்வி கேட்டு, அவர் சுயவிருப்பில்தான் சொல்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். எழுதிய பின் அடியில் ஒரு குறிப்பும் போட வேண்டும்: இது சுயவிருப்பில் சொல்லப்பட்டதென நம்புகிறேன், என் முன்னிலையில் என் காதுகேட்க எடுக்கப்பட்டது, நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் சரியென்று ஏற்றுக்கொண்டார், அவர் சொன்னது முழுவதும் சரியாக இதில் இருக்கிறது என்ற கருத்தில். இந்தக் குறிப்பின் ஒவ்வொரு துண்டும், ஸ்டேசனில் சொன்னபோது இல்லாமல் போன ஒரு பாதுகாப்பை ஈடுசெய்கிறது. யார் கேட்டார், யார் எழுதினார், திருப்பி வாசித்தார்களா, இடையில் ஏதாவது விடுபட்டதா என்ற கேள்விகளுக்கு, வழக்கில் வெல்லவோ தோற்கவோ தேவையில்லாத ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கிறார்.

சட்டம் கேட்பது அவ்வளவுதான். நல்ல நீதவான்மார் அதற்கு மேலும் செய்வார்கள். பொலிஸாரை அறைக்கு வெளியே போகச் சொல்வார்கள். "எப்ப பிடிச்சவை? எங்க வைச்சிருந்தவை? ஆராவது அடிச்சவையோ? சொன்னால் விடுறம் எண்டு சொன்னவையோ?" என்று தமிழிலேயே கேட்பார்கள். சேட்டைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உமக்கு எதிராக வரலாம் என்று விளக்குவார்கள். யோசிக்க நேரம் கொடுத்து, அந்த நேரத்தில் ஆளைப் பொலிஸ் காவலுக்கு அனுப்பாமல் விளக்கமறியலில் வைக்கச் சொல்வார்கள். இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். வாக்குமூலம் கொடுத்துவிட்டு அதே ஸ்டேசன் கூட்டுக்குத் திரும்பிப் போகப் போகிறோம் என்று தெரிந்த ஆள், நீதவானின் அறையிலும் சுதந்திரமாகப் பேச மாட்டார். இவை நடந்தனவா என்பதை நீதிமன்றப் பதிவேட்டில் பார்க்கலாம். அச்சடித்த படிவத்தில் குறிப்பு மட்டும் இருந்து, கேள்வியும் பதிலும் எங்கும் எழுதப்படாமல் இருந்தால், எதிரித் தரப்பு பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஏனென்றால் நீதவானிடம் சொன்னதும் அசைக்க முடியாத கல்வெட்டு அல்ல. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, சட்டப்படி எடுக்கப்பட்டு நீதவான் கையெழுத்திட்ட ஒப்புதல் முறையாகவே எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துத் தொடங்கும். அந்தத் தொடக்கம் எதிரிக்குப் பெரிய பாரம்தான். ஆனால் 24ஆம் பிரிவு இங்கேயும் பொருந்தும். அதிகாரத்தில் உள்ள ஒருவரின் மிரட்டலோ, ஆசைகாட்டலோ, வாக்குறுதியோ அந்த ஒப்புதலுக்குக் காரணமாகத் தோன்றினால் அது தள்ளப்படும். நீதவான் மிரட்டியிருக்க வேண்டியதில்லை. முந்தின இரவு ஸ்டேசனில் விழுந்த அடி, அடுத்த நாள் காலை நீதவானின் அறைக்குள்ளும் ஆளோடு கூட வந்திருக்கலாம். மேல் நீதிமன்றத்தில் இதைத் தனியாக விசாரித்து, அந்த ஒப்புதல் ஏற்கப்படலாமா என்று நீதிபதி முதலில் தீர்மானிப்பார். உள்ளே வந்த பிறகும் அதற்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்பது வேறு கேள்வி. ஒருவர் பின்னர் மறுத்துவிட்ட ஒப்புதலை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே கவனமாக நடப்பது நீதிமன்றங்களின் வழமை.

இவ்வளவும் சாதாரண சட்டம். எங்கள் ஊரில் இதைப் பேசும்போது இன்னொரு சட்டத்தை விட முடியாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க விடுகிறது. 25ஆம் 26ஆம் பிரிவுகள் அங்கே பொருந்தாது. அதைவிட மோசமாக, அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் பொறுப்பையும் எதிரியின் தலையில் போடுகிறது. பூட்டிய அறைக்குள் நடந்ததை, பூட்டப்பட்டிருந்தவர் நிரூபிக்க வேண்டும். சிங்கராசா வழக்கில் இதன் விளைவு உலகத்துக்கே தெரிய வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரியாத அந்தத் தமிழர் சொன்னதை ஒரு பொலிஸ்காரரே மொழிபெயர்க்க, சிங்களத்தில் எழுதப்பட்ட பத்திரத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. அதை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல், சுயாதீன மொழிபெயர்ப்பாளர் இல்லாததும் நிரூபிக்கும் சுமை எதிரியின் மேல் விழுந்ததும் நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுவதாகச் சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம் தண்டனையை மாற்ற மறுத்துவிட்டது. 25ஆம் பிரிவு எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால், அது இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று இந்த வழக்கைத்தான் நான் காட்டுவேன். உங்கள் தம்பியினது சாதாரணக் களவு வழக்கு, ஆகவே இந்தச் சட்டம் அவரைத் தொடாது.

சாட்சிகளின் நிலை கொஞ்சம் வேறு. சட்டக்கோவையின் 110ஆம் பிரிவுப்படி பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை, அதே சாட்சி நீதிமன்றத்தில் சொல்வதற்கு உறுதுணையாகக் காட்ட முடியாது. மாறிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டப் பயன்படுத்தலாம். நீதவானிடம் கொடுத்ததற்கு அந்தத் தடை இல்லை. பின்னர் மிரட்டப்படக்கூடிய சாட்சிகளைப் பொலிஸார் நீதவானிடம் கூட்டிப்போவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக, ஆட்கள் அடிக்கடி போட்டுக் குழப்பும் ஒரு விஷயம். நீதவானிடம் 127இன் கீழ் வாக்குமூலம் கொடுப்பது வேறு, நீதவான் நீதிமன்றில் குற்றப்பத்திரம் வாசிக்கும்போது "குற்றவாளி" என்று ஒப்புக்கொள்வது வேறு. முதலாவது ஒரு சான்று, அதோடு வழக்குத் தொடரும். இரண்டாவதில் விசாரணையே இல்லை. நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டால் நீதவான் உடனே குற்றவாளி எனத் தீர்ப்பளித்துத் தண்டனை விதிப்பார். தண்டனை சொல்லும் முன்னர் நீதவானின் அனுமதியோடு அதை வாபஸ் பெறலாம், அதற்குப் பிறகு கடினம். "கோர்ட்டில ஓம் எண்டு சொல்லு, சின்னக் குற்றப்பணத்தோட முடியும்" என்று ஸ்டேசனிலிருந்தோ வெளியிலிருந்தோ யாராவது தம்பிக்குப் புத்தி சொன்னால், சட்டத்தரணியோடு பேசாமல் அதைச் செய்ய விடாதீர்கள். பொலிஸில் வைத்த கையெழுத்தால் வராத தண்டனை அந்த ஒரு வார்த்தையால் வந்துவிடும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது இதுதான். தம்பியை முதல்முறை நீதவானிடம் முற்படுத்திய நாளில் பொலிஸார் கொடுத்த பீ அறிக்கையையும், அன்றைய நீதிமன்றக் குறிப்பையும் எடுத்துப் பார்க்கச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். எப்போது பிடித்தார்கள், 24 மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தார்களா, ஏதாவது மீட்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா என்பது அங்கே தெரியும். அடிபட்டிருந்தால் அதைத் தம்பியே நீதவானிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். காயம் ஆறிய பிறகு சொல்வதற்கும் அன்றே பதிவில் ஏறுவதற்கும் வித்தியாசம் பெரிது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் அரசியலமைப்புத் தரும் கால எல்லை ஒரு மாதம்தான். எப்போது பிடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அந்தத் திகதியை இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.